படத்தில் அது எங்கே இருக்கிறது, சேர்?

மழையால் பாடசாலை மூடியிருந்த ஒரு கிழமையில் எமது கையால் நடந்த ஒரு தவறை இங்கே எழுதுகிறோம். வரலாறு படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது பயன்படும். ஊர்ச் சிறப்பு மலர்களில் கட்டுரை எழுதும் எம்மைப் போன்றவர்களுக்கும் பயன்படும்.

தரம் 11 பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுவில் ஒரு மூலாதார வினாவைப் போட்டோம். இப்னு பதூதாவின் பயண நூலின் தமிழாக்கம் ஒன்று எம்மிடம் இருக்கிறது. அதில் கொழும்பு வரும் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பி, கீழே இப்படி வினாவை எழுதினோம்: இப்படத்திலுள்ள பகுதியை மாத்திரம் சான்றாகக் கொண்டு, அன்றைய கொழும்பைப் பற்றி நீர் அறிந்துகொள்ளும் விடயங்கள் யாவை? நான்கு புள்ளிகள்.

அன்று மாலைக்குள் இருபதுக்கு மேற்பட்ட விடைகள் வந்தன. ஒரு மாணவி அரைப் பக்கத்துக்கு மிக அழகாக எழுதியிருந்தாள். மொரோக்கோவிலிருந்து வந்த இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார், அப்போது கொழும்பை ஜாலஸ்தி என்ற முஸ்லிம் மன்னர் ஆண்டார், அவரிடம் ஐந்நூறு ஹபஷிப் படைவீரர்கள் இருந்தனர், கொழும்பில் முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழ்ந்தனர் என்றெல்லாம் இருந்தது. நான்குக்கு நான்கு கொடுத்தோம்.

இன்னொரு மாணவி ஐந்தே வரிகள் எழுதியிருந்தாள். கடைசி வரி, எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பது படத்தில் தெரியவில்லை என்பது. அந்த வரி எமக்கு எரிச்சலைத் தந்தது. இப்னு பதூதாவைத் தெரியாமல் பதினோராம் தரம் வரை வந்துவிட்டாளா என்று நினைத்தோம். இரண்டு புள்ளி போட்டு, ‘பயணியின் பெயரையும் ஆண்டையும் எழுதியிருக்க வேண்டும்’ என்று குறிப்பும் எழுதி அனுப்பினோம்.

பாடசாலை திறந்த அன்று அவள் மேசைக்கு வந்தாள். கையில் அந்தப் படத்தின் அச்சுப் பிரதி. வாப்பாவின் கடையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

“சேர், பேரும் ஆண்டும் படத்துல எங்க இருக்கு எண்டு காட்டுங்க. நான் எத்தினையோ தரம் பெருசாக்கிப் பாத்துட்டேன்.”

காட்டுவதற்காக விரலைக் கொண்டுபோனோம். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு விரல் இருந்தது. எமது பெருவிரல்தான். பக்கத்தை விரித்துப் பிடித்துப் படமெடுத்தபோது, அடியிலே நூலின் பெயரும் எழுதியவர் பெயரும் ஆண்டும் இருந்த சிறிய எழுத்து வரியை அது முழுவதுமாக மறைத்திருந்தது. எமக்கு அந்த வரி மனப்பாடம். அதனால் அது படத்தில் இல்லை என்பதே எமது கண்ணில் படவில்லை.

அன்று இடைவேளையில் அந்தப் பிரதியை வைத்துக்கொண்டு, படத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று ஒரு பென்சிலால் குறித்தோம். மூன்றரை வரிகள்தான் தேறின.

மேலே ஒரு அரை வாக்கியம். அதன் தொடக்கம் படத்துக்கு வெளியே போய்விட்டது. யாரோ ஒருவர் தமது இடத்தில் எங்களை விருந்தினராக ஏற்றார் என்ற முடிவு மட்டும் தெரிகிறது. அடுத்த வாக்கியம், அங்கிருந்து கலன்பூ என்ற நகரத்துக்குப் போனதாகவும், அது ஸரன்தீபின் மிகச் சிறந்த, மிகப் பெரிய நகரங்களுள் ஒன்று என்றும் சொல்கிறது. அதற்கடுத்தது, கடலின் அதிபதியான ஜாலஸ்தி என்ற வஸீர் அங்கே வசிக்கிறார், அவருடன் சுமார் ஐந்நூறு அபிசீனியர் இருக்கின்றனர் என்கிறது. கடைசியாக, அங்கிருந்து புறப்பட்டு மூன்று நாட்களின் பின் பட்டாலாவை அடைந்ததாக ஒரு வரி. அதன்கீழே எமது பெருவிரல்.

இதை வைத்துக்கொண்டு முதல் மாணவியின் விடையை மறுபடி வாசித்தோம். ஒவ்வொரு கூற்றையும் எடுத்து, படத்தில் இது எந்தச் சொல்லில் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தோம்.

மொரோக்கோ இல்லை. 1344 இல்லை. இப்னு பதூதா என்ற பெயரும் இல்லை. இந்த மூன்றும் உண்மைதான். அவர் 1344இல் மாலைதீவிலிருந்து இங்கே வந்தவர்தான். ஆனால் உண்மையாக இருப்பது வேறு, இந்தப் பகுதியில் சான்று இருப்பது வேறு. வினா இரண்டாவதைத்தான் கேட்டது. அதுவும் கொழும்பைப் பற்றித்தான் கேட்டது, பயணியைப் பற்றி அல்ல.

ஜாலஸ்தி மன்னர் என்றும் இல்லை. வஸீர் என்றுதான் இருக்கிறது. வஸீர் என்றால் அமைச்சர். அமைச்சருக்கு மேலே ஒரு அரசர் இருந்திருப்பார் என்று நினைக்க இடமுண்டு, ஆனால் அப்படியொரு அரசரின் பெயரோ ஊரோ இந்த வரிகளில் இல்லை. ஆக, மன்னர் என்று எழுதியபோது அந்தப் பிள்ளை மூலத்திலிருந்து விலகியது மட்டுமல்ல, மூலத்துக்கு மாறாகவே எழுதிவிட்டாள்.

அபிசீனியர் படைவீரர் என்பதும் இல்லை. அவருடன் இருந்தனர் என்பது மட்டும்தான் இருக்கிறது. படைவீரராக இருக்கலாம், மாலுமிகளாக இருக்கலாம், அடிமைகளாகவும் இருக்கலாம். கடலின் அதிபதி என்ற பட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் காவலுக்கோ கப்பலுக்கோ வைத்திருந்த ஆட்கள் என்று ஊகிப்பது நியாயம். ஆனால் அதை ஊகமென்று சொல்லி எழுத வேண்டும். ஐந்நூறு என்ற எண்ணுக்கு முன்னால் ‘சுமார்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதையும் அவள் விட்டுவிட்டாள். அந்தச் சொல் போனால், ஒரு பயணியின் மதிப்பீடு எண்ணிக் கணக்கெடுத்த தொகையாக மாறிவிடும்.

கடைசியாக, ஜாலஸ்தி முஸ்லிம் என்பதும் கொழும்பில் முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழ்ந்தார்கள் என்பதும். இந்த மூன்றரை வரிகளில் எவருடைய மார்க்கம் பற்றியும் ஒரு சொல் இல்லை.

இதெல்லாம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவள் தயங்கவே இல்லை. “நீங்க எழுதினதுதான் சேர். பள்ளி மலர்ல.”

சில வருடங்களுக்கு முன் எமது ஊர்ப் பள்ளிவாசல் வெளியிட்ட சிறப்பு மலரில் இலங்கை முஸ்லிம்களின் தொன்மை பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தோம். வீட்டில் தேடி எடுத்துப் பார்த்தோம். கொழும்பை ஆண்ட முஸ்லிம் மன்னர் ஜாலஸ்தி என்று எமது பெயருக்குக் கீழே அச்சாகியிருந்தது. எங்கேயோ படித்ததை, மூலத்தைத் திறந்து பார்க்காமல் எழுதியிருக்கிறோம். பிள்ளை எம்மை நம்பி அப்படியே எடுத்து எழுதியிருக்கிறாள். அதற்கு நாமே முழுப் புள்ளியும் கொடுத்திருக்கிறோம்.

மற்ற விடைகளையும் திரும்பப் பார்த்தபோது இன்னொரு வகைத் தவறு தெரிந்தது. இது படமாக எடுத்த மூலங்களுக்கே உரியது. நான்கைந்து பிள்ளைகள், ஜாலஸ்தி பயணியை வரவேற்று விருந்தளித்தார் என்று எழுதியிருந்தார்கள். மேலே வெட்டுப்பட்டிருந்த அரை வாக்கியத்தைக் கீழே வரும் பெயரோடு ஒட்டிவிட்டார்கள். ஆனால் அந்த அரை வாக்கியம் முடிந்த பிறகுதான் அங்கிருந்து கலன்பூவுக்குப் போனதாக வருகிறது. அப்படியென்றால் விருந்து கொடுத்தவர் முந்திய ஊர்க்காரர். அந்த ஊர் எது, ஆள் யார் என்பது படத்துக்கு வெளியே இருக்கிறது. வெட்டுப்பட்ட வாக்கியத்திலிருந்து எடுக்கக்கூடியது அவ்வளவுதான்.

ஆகவே இப்போது எமது வகுப்பில் இந்த வினாவைச் செய்யும் முறையை மாற்றியிருக்கிறோம்.

முதலில் வினாவை வாசிக்க வேண்டும். ‘மாத்திரம்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து அடிக்கோடிட வேண்டும். சில வினாக்கள், மூலத்தையும் உமது அறிவையும் பயன்படுத்தி எழுதுக என்று கேட்கும். அங்கே 1344ஐ எழுதாவிட்டால் நட்டம். ‘மாத்திரம்’ என்று கேட்ட இடத்தில் அதை எழுதினால் அந்த வரிக்குப் புள்ளி இல்லை, நேரமும் வீண்.

இரண்டாவது, படத்தின் நான்கு ஓரங்களையும் பார்க்க வேண்டும். மேலே வாக்கியம் நடுவில் தொடங்குகிறதா, கீழே முடியாமல் நிற்கிறதா, பக்கவாட்டில் எழுத்துக்கள் மறைந்திருக்கின்றனவா, நிழலோ விரலோ எதையாவது மூடியிருக்கிறதா, மூலத்தின் பெயரும் காலமும் சொல்லும் குறிப்பு தெரிகிறதா. குறிப்பு தெரிந்தால் அதுவும் மூலத்தின் பகுதியே, தாராளமாகப் பயன்படுத்தலாம். தெரியாவிட்டால் நீங்கள் அதை அறிந்திருந்தாலும் அது இல்லை என்றே கொள்ள வேண்டும்.

மூன்றாவது, விடையில் எழுதும் ஒவ்வொரு வசனத்துக்கும் படத்திலுள்ள ஒரு சொல்லின்மேல் விரல் வைக்க முடிய வேண்டும். நேரடியாக வைக்க முடிந்தால் ‘மூலம் கூறுகிறது’ என்று எழுதலாம். ஒரு சொல்லிலிருந்து ஒரே ஒரு படி எடுத்து வைத்து வர முடிந்தால், அந்தச் சொல்லையும் காட்டி, ‘இதிலிருந்து ஊகிக்கலாம்’ என்று எழுத வேண்டும். இரண்டு மூன்று படி தாண்டித்தான் வர முடியும் என்றால் அது உங்கள் வசனம், மூலத்தின் வசனம் அல்ல.

இங்கே ஒரு மாணவன் நல்ல சந்தேகம் ஒன்றைக் கேட்டான். அபிசீனியர் என்றால் ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்பது படத்தில் இல்லையே, அதையும் எழுதக் கூடாதா என்று. எழுதலாம். மூலத்திலுள்ள ஒரு சொல்லின் பொருளை அறிந்திருப்பது வெளியறிவைச் சேர்ப்பதாகாது. சொல்லின் பொருள் தெரியாமல் எந்த மூலத்தையும் வாசிக்க முடியாது. ஆனால் அந்த அபிசீனியர் எப்போது வந்தார்கள், யார் கொண்டுவந்தார்கள், பிறகு என்ன ஆனார்கள் என்ற கதையைச் சேர்த்தால் அது வெளியறிவு. சொல்லின் பொருள் உள்ளே, சொல்லின் கதை வெளியே. இதைச் சொன்னவுடன் வகுப்புக்குக் கோடு எங்கே என்று விளங்கிவிட்டது.

இந்த முறையில் நான்கு புள்ளிக்குரிய விடை இப்படி அமையும்:

கொழும்பு தீவின் மிகச் சிறந்த, மிகப் பெரிய நகரங்களுள் ஒன்று என எழுதியவர் கருதினார். ‘ஒன்று’ என்பதால் அதுவே மிகப் பெரியது எனக் கூறவில்லை. அங்கே ஜாலஸ்தி என்னும் வஸீர் வசித்தார். அவர் கடலின் அதிபதி எனப்படுவதால், அந்நகரில் கடல் சார்ந்த அதிகாரம் முக்கியத்துவம் பெற்றிருந்தது என ஊகிக்கலாம். அவருடன் சுமார் ஐந்நூறு அபிசீனியர் இருந்தனர். இவ்வெண்ணிக்கை ஒரு மதிப்பீடு. தொலைதேசத்தவர் இவ்வளவு பேர் அங்கே இருந்ததால், கடலுக்கு அப்பாலுள்ள நாடுகளுடன் அந்நகருக்குத் தொடர்பு இருந்தது என ஊகிக்கலாம்.

இவ்வளவுதான். அழகு குறைவு, ஆனால் எந்த வசனத்தைத் தொட்டுக் கேட்டாலும் விரல் வைக்க இடமுண்டு. அந்த இரண்டாவது மாணவியின் ஐந்து வரிகளில் ஏறத்தாழ இதுவே இருந்தது. ‘சுமார்’ என்பதையும் அவள் விடவில்லை. கடைசி வரி, எழுதியவர் யாரெனத் தெரியவில்லை என்பது, வினா கேட்காத ஒன்று, அதற்குப் புள்ளி இல்லை. ஆனால் அது பிழையும் அல்ல. அவள் படத்தின் ஓரம்வரை பார்த்திருக்கிறாள் என்பதற்கு அதுதான் அடையாளம்.

அவளுக்கு நான்கு புள்ளி கொடுத்தோம். மற்றவளுக்கு நான்கை ஒன்றாக்க வேண்டியிருந்தது. அபிசீனியர் இருந்தனர் என்பதற்கு ஒன்று. அவள் அழுதுவிட்டாள். வகுப்பின் முன்னால், இந்தப் பிழை உன்னிடம் தொடங்கவில்லை, எம்மிடம் தொடங்கியது என்று மலரைக் காட்டிச் சொன்னோம். மற்றவர்களுக்கும் புள்ளி மாறியது. அந்த வினாவை மொத்தப் புள்ளியில் சேர்க்காமல் விட்டு, வேறொரு பகுதியைக் கொடுத்து மறுபடி எழுதச் செய்தோம்.

விடயம் ஊருக்குள்ளும் வந்தது. மலர்க் குழுவில் இருந்த ஹாஜியார் ஒருவர் கடைத்தெருவில் மறித்துக் கேட்டார். “என்ன சேர், நம்மட வரலாற நீங்களே அழிக்கிறீங்களாமே? ஜாலஸ்தி முஸ்லிம் இல்லையா?”

இல்லை என்று நாம் சொல்லவில்லை. அவர் முஸ்லிமாக இருந்திருக்கலாம். அந்தப் பகுதி அதைச் சொல்லவில்லை என்றுதான் சொன்னோம். அவர் திருப்திப்படவில்லை. மஃரிபுக்குப் பிறகு நூலையே எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம்.

வகுப்பில் படத்தின் ஓரத்தோடு நிற்க வேண்டும். வீட்டில் நூல் கையில் இருக்கும்போது நிற்கத் தேவையில்லை. மேலே வெட்டுப்பட்ட வாக்கியத்தை முழுவதுமாக அவருக்கு வாசித்துக் காட்டினோம். கொழும்புக்கு முன் பயணி தங்கிய ஊர் காலி. அது ஒரு சிறிய ஊர் என்கிறார். அங்கே அவரை விருந்தினராக ஏற்றவர் நாகூதா இப்ராஹீம், அதாவது கப்பல் தலைவர் இப்ராஹீம். அவர் முஸ்லிம்களில் ஒருவர் என்று இப்னு பதூதா வெளிப்படையாகவே சொல்கிறார்.

ஹாஜியார் அந்த வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு ஜாலஸ்தியின் வரியை வாசிக்கச் சொன்னார்.

“அப்ப இவர முஸ்லிம் எண்டு சொன்னவர், அடுத்த ஊருல அவரப் பத்தி ஏன் சொல்லல்ல?”

நல்ல கேள்வி. முஸ்லிம் அல்லாததால் சொல்லாமல் விட்டிருக்கலாம். இவ்வளவு பெரிய பதவியில் இருந்தவரைப் பற்றி அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருக்கலாம். அவரைச் சந்திக்காமலேயே போயிருக்கலாம், சந்தித்ததாகவும் அந்த வரியில் இல்லை. நூல் 1355இல்தான் முடிந்தது. நாடு திரும்பிய பின் இப்னு பதூதா சொல்லச் சொல்ல இப்னு ஜுஸைய் எழுதியது. பதினொரு வருடத்தில் மறந்தும் இருக்கலாம். மௌனத்துக்கு இத்தனை காரணங்கள் இருக்க முடியும் என்பதால்தான், மௌனத்தை எந்தப் பக்கத்துக்கும் சான்றாகப் பிடிக்கக் கூடாது. ஜாலஸ்தி முஸ்லிம் என்பதற்கு அந்த வரி சான்றல்ல. முஸ்லிம் அல்ல என்பதற்கும் சான்றல்ல.

தேநீர் வந்தது. குடித்துக்கொண்டே ஹாஜியார், அப்போ மலரில் என்ன எழுதியிருக்கலாம் என்று கேட்டார். காலி இப்ராஹீமைப் பற்றி எழுதியிருக்கலாம் என்றோம். சிறிய ஊர், ஒரு கப்பல் தலைவர், வந்த வழிப்போக்கனுக்குத் தன் இடத்தில் சோறு போட்டிருக்கிறார். மன்னர் இல்லை, ஐந்நூறு பேர் இல்லை. ஆனால் அவர் முஸ்லிம் என்பதற்கு விரல் வைக்கச் சொல் இருக்கிறது. பல வருடங்களாக அதே பக்கத்தில், நாம் பெருமைப்பட்ட வரிக்கு நேர் மேலே அவர் இருந்திருக்கிறார். நாம்தான் அவரைப் படத்துக்கு வெளியே வெட்டிவிட்டிருக்கிறோம்.

பள்ளிவாசல் நிர்வாகத்திடம் திருத்தக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அடுத்த மலரில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பழைய மலர் வீட்டில் வைத்திருப்பவர்கள் ஜாலஸ்தி வரும் வரியில் ‘முஸ்லிம் மன்னர்’ என்பதைப் பேனையால் வெட்டி ‘வஸீர்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுகிறார்கள்.

அந்தப் படத்தை வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், பெருவிரலோடு.